தமிழாக்கத்தில் கலைச்சொல்லே விடையைக் காட்டிவிடுகிறது: என்ன செய்வது?

வினாத்தாள்_பணி:
வணக்கம். ஆங்கிலத்தில் அமைக்கப்பட்ட 40 வினாக்கள் கொண்ட அறிவியல் தாள் ஒன்றைத் தமிழாக்கும் பொறுப்பு என்னிடம் வந்துள்ளது. இரு மொழி மாணவர்களும் ஒரே நாளில் தேர்வெழுதி, ஒரே தரவரிசையில் வைக்கப்படுவார்கள்.

ஏழாம் வினா, கொடுக்கப்பட்டுள்ள நான்கு அளவுகளுள் எது வெக்டர் என்று கேட்கிறது. அதை நான் "பின்வருவனவற்றுள் திசையன் அளவு எது?" என்று எழுதி, வேகம், நிறை, திசைவேகம், வெப்பநிலை என்ற நான்கு விடைகளைக் கொடுத்திருந்தேன். இயற்பியல் அறியாத என் தங்கை தாளைப் பார்த்த உடனே மூன்றாவது விடையைச் சுட்டினாள். காரணம் கேட்டதற்கு, "இரண்டிலும் திசை இருக்கிறதே" என்றாள்.

தமிழ்த் தாளை வேறொருவரிடம் கொடுத்து மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்றச் சொல்லி, மூலத்துடன் ஒப்பிட்டும் பார்த்துவிட்டோம். அந்த வினாவில் ஒரு சொல்கூட மாறவில்லை. அப்படியானால் இந்தச் சோதனையில் குறை ஏன் தெரியவில்லை, மற்ற 39 வினாக்களிலும் இதுபோல் ஒளிந்திருப்பவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதே என் சந்தேகம்.

பழைய_ஆசிரியர்:
தமிழாக்கப் பிழை எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடியது அன்று. 2018 நீட் தேர்வின் தமிழ்த் தாளில் 49 வினாக்களில் பிழை இருந்ததாக வழக்குத் தொடரப்பட்டு, 196 மதிப்பெண் வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டதும், பின்னர் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்ததும் நினைவிருக்கும். ஆகவே பாடநூலில் உள்ள கலைச்சொற்களை மட்டும் பயன்படுத்துங்கள். சிக்கல் தீர்ந்துவிடும்.

வினாத்தாள்_பணி:
ஐயா, மன்னிக்க வேண்டும். இங்கே பிழையான சொல் எதுவும் இல்லை. திசைவேகம் பாடநூலில் உள்ள சொல்தான். சரியான சொல்லாக இருந்தும் அது விடையைக் காட்டுவதுதான் என் கவலை.

நேர்வழி:
எல்லாக் கலைச்சொற்களையும் ஆங்கில ஒலிப்பிலேயே எழுதிவிடலாமே? வெக்டர், ஸ்பீடு, மாஸ், வெலாசிட்டி, டெம்பரேச்சர் என்று கொடுத்தால் இரு தாள்களும் சமமாகிவிடும்.

அளவீட்டாளர்:
நேர்வழி சொல்வதில் பாதி சரி. வினாவில் திசையன் என்பதற்குப் பதிலாக வெக்டர் என்று எழுதலாம். பல பாடநூல்களில் அந்தச் சொல் பழக்கத்தில் உள்ளது. ஆனால் வெலாசிட்டி என்பதைத் தமிழ்வழியில் படித்த மாணவர் வகுப்பில் கேட்டே இருக்க மாட்டார். குறிப்பை நீக்கப் போய்ப் புதிய கடினத்தைச் சேர்த்துவிடுவோம். இரண்டும் அநீதியே.

தங்கள் சோதனையில் குறை ஏன் தெரியவில்லை என்பதற்குக் காரணம் எளிது. திசைவேகம் என்பதை மீண்டும் ஆங்கிலமாக்கினால் வெலாசிட்டி என்றுதான் வரும், அந்த ஆங்கிலச் சொல்லில் திசை என்ற உறுப்பே இல்லை. எனவே குறிப்பு தமிழில் மட்டும் இருந்து, திரும்பும் வழியிலேயே மறைந்துவிடுகிறது. பொருள் மாறியிருந்தால் அந்தச் சோதனை காட்டும். சொல்லின் வடிவம் தரும் உதவியைக் காட்டாது. பீசா போன்ற பன்னாட்டுத் தேர்வுகளில் ஒரே தாளை இருவர் தனித்தனியே மொழிபெயர்க்க, மூன்றாமவர் இரண்டையும் இணைக்கும் முறை பின்பற்றப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். மூன்றாமவர் இலக்கு மொழிச் சொற்களையே எதிரெதிரே வைத்துப் பார்க்கிறார்.

ஏழாம் வினாவில் வெக்டர் என்று மாற்றினாலும் சிக்கல் முழுவதும் தீராது. வெக்டருக்குத் திசை உண்டு என்பது மட்டும் தெரிந்த மாணவர், திசைவேகம் என்ற சொல்லைப் பார்த்தே விடையளித்துவிடுவார். ஆங்கிலத்தில் எழுதுபவரோ வெலாசிட்டிக்குத் திசை உண்டு என்பதையும் அறிந்திருக்க வேண்டும். அதாவது ஒருவருக்கு இரண்டு படி, மற்றவருக்கு ஒரு படி. நானாக இருந்தால் இரு தாள்களிலும் சரியான விடையையே மாற்றி, திசைவேகத்தின் இடத்தில் முடுக்கத்தை வைப்பேன். முடுக்கம் என்ற சொல் திசையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. மூலத்தைத் தொடக் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். இரு மொழிக்கும் பொதுவான தாள் என்றால் மூலமும் ஒரு வரைவு என்றே நான் கருதுகிறேன்.

சில வினாக்களை மாற்றியும் காப்பாற்ற முடியாது. ஹெர்பிவோர் எதை உண்ணும் என்ற வினா ஆங்கிலத்தில் சொல்லறிவைச் சோதிக்கிறது, "தாவர உண்ணி எதை உண்ணும்?" என்று எழுதினால் சோதிக்க ஒன்றும் மிஞ்சாது. அதை எடுத்துவிட்டு, ஒரு விலங்கின் பல்லமைப்பைக் கொடுத்து அதன் உணவைக் கேட்கும் வினாவை இரு தாள்களிலும் வையுங்கள்.

யாழ்_வாசகி:
எங்கள் நாட்டில் இந்த வினா வேறு விதமாக இடறும். இலங்கைப் பாடநூல்களில் ஸ்பீடு கதி, வெலாசிட்டி வேகம், வெக்டர் காவி. ஆகவே ஏழாம் வினாவில் எங்கள் பிள்ளைகளுக்குக் குறிப்பு கிடைக்காது. ஆனால் தங்கள் தாளை எங்கள் மாணவர் எழுதினால், வேகம் என்பதை வெலாசிட்டி என்று எடுத்துக்கொண்டு முதல் விடையையும் சரி என்பார். முடுக்கத்தை நாங்கள் ஆர்முடுகல் என்போம். தாளை எழுதப்போகும் மாணவர்கள் எந்தப் பாடநூலைப் படித்தவர்கள் என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அளவீட்டாளர்:
மிக நல்ல கருத்து. இனி, ஒளிந்திருப்பவற்றைக் கண்டுபிடிக்கும் வழி. தங்கள் தங்கை தற்செயலாகச் செய்ததையே முறையாகச் செய்யுங்கள். தமிழில் நல்ல பயிற்சி உடைய, ஆனால் பாடம் படிக்காத நான்கைந்து பேரிடம் தாளைக் கொடுத்து, ஒவ்வொரு விடைக்கும் காரணத்தை எழுதச் சொல்லுங்கள். நான்கு விடைகள் உள்ள வினாவில் ஒருவரே சரியாகச் சொன்னால் அது ஊகமாக இருக்கலாம். எல்லோரும் ஒரே காரணத்துடன் சரியாகச் சொன்னால் குறிப்பு இருக்கிறது.

இலக்கணமும் காட்டிக்கொடுக்கும். "தேன்கூட்டின் ஒவ்வோர் அறையும் ஓர் ____ வடிவில் உள்ளது" என்று எழுதி, சதுர, அறுகோண, முக்கோண, வட்ட என்று விடைகள் கொடுத்தால், உயிரெழுத்துக்கு முன்தான் ஓர் வரும் என்று அறிந்தவருக்குத் தேனீயைப் பற்றி எதுவும் தெரிய வேண்டியதில்லை. "தேன்கூட்டின் அறைகள் எந்த வடிவில் உள்ளன?" என்று கேட்டால் போதும். கோடிட்ட இடத்துக்கு முன் க், ச், த், ப் மிகுந்து நின்றாலும் இதே கதைதான், அடுத்த சொல்லின் முதலெழுத்து தெரிந்துவிடும். கோடிட்ட இடத்துக்குப் பின்னால் வேற்றுமை உருபை ஒட்ட வைப்பதும் கூடாது.

எதிர்மறை வினாக்களில் நிலைமை தலைகீழ். ஆங்கிலத்தில் நாட் என்பது தனிச்சொல்லாகப் பெரிய எழுத்தில் நிற்கும். தமிழில் "பொருந்தும்", "பொருந்தாத" என்ற வேறுபாடு சொல்லுக்குள்ளேயே அடங்கிவிடுவதால், அவசரத்தில் படிக்கும் மாணவர் கவனிக்காமல் போகலாம். அந்தச் சொல்லைத் தடித்த எழுத்தில் அச்சிடச் சொல்லுங்கள்.

வினாத்தாள்_பணி:
நன்றி. ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்த்தேன். ஏழாம் வினாவுடன் மேலும் மூன்று அகப்பட்டன. அவற்றுள் ஒன்று நானே சேர்த்த "ஓர்". இன்னொன்று, இடைநிலை என்ற சொல்லே நடுவில் உள்ள எண்ணைக் காட்டிவிட்ட புள்ளியியல் வினா. தாளை எழுதுவோர் அனைவரும் தமிழ்நாட்டுப் பாடநூல் படித்தவர்களே என்பதையும் உறுதிசெய்துகொண்டேன்.

முடுக்கத்தை இரு தாள்களிலும் வைக்கக் குழு ஒப்புக்கொண்டது. ஆனால் இடைநிலை வினாவை மாற்ற முடியாது என்கிறார்கள், ஆங்கிலத் தாளில் அந்தப் பக்கம் அச்சாகிவிட்டதாம்.

அளவீட்டாளர்:
அப்படியானால் தேர்வுக்குப் பின் பாருங்கள். மொத்த மதிப்பெண் ஒத்திருக்கும் தமிழ், ஆங்கில மாணவர்களை இணையாக வைத்து, அந்த ஒரு வினாவில் மட்டும் தமிழ் மாணவர்கள் தெளிவாக முந்தியிருந்தால், இரு மொழியினருக்கும் அதை மதிப்பெண்ணில் சேர்க்காமல் விடக் கோரலாம். ஒவ்வொரு மொழியிலும் சில நூறு பேராவது எழுதியிருந்தால்தான் இந்த ஒப்பீட்டை நம்பலாம்.

வினாத்தாள்_பணி:
தமிழில் எழுதப்போகிறவர்கள் அறுபது பேர்தான். குழுவிடம் மீண்டும் பேசுகிறேன். அறுபது பேருக்குப் பொருந்தும் வழி யாருக்கேனும் தெரிந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.