ஆண்டறிக்கையில் எல்லா வாக்கியமும் ஒரே ஓசையில் முடிகிறது, என்ன செய்யலாம்?

கோபி பாசனம்:
கீழ்பவானி ஆயக்கட்டில் ஒரு கிளை வாய்க்காலின் பாசன சபைக்கு ஆண்டறிக்கை எழுதுகிறேனுங்க. நீளமான அறிக்கை. பொதுக்குழுவில் வாசித்தால் நாலு பக்கத்துக்குள் கூட்டம் தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிடுகிறது. வாக்கியங்களை நீளமும் குட்டையுமாக மாற்றி எழுது என்கிறார்கள். முறையான அறிக்கையில் அப்படிச் செய்யலாமா? எப்படிச் செய்வது? மாதிரிக்கு ஒரு பத்தி:

"கடைமடைப் பகுதியில் நீர்ப் பற்றாக்குறை காணப்பட்டது. இது குறித்து உறுப்பினர்களால் மனு அளிக்கப்பட்டது. மனுவின் அடிப்படையில் கிளை வாய்க்கால் பார்வையிடப்பட்டது. கரையில் மூன்று இடங்களில் உடைப்பு கண்டறியப்பட்டது. உடைப்புகள் மண் மூட்டைகள் கொண்டு அடைக்கப்பட்டன. அதன் பின்னரும் நீர்மட்டம் உயரவில்லை எனத் தெரிவிக்கப்பட்டது. மதகின் திறப்பளவு குறைக்கப்பட்டிருந்தது பின்னர் கண்டறியப்பட்டது."

காங்கயம் காளை:
நீளம்தான் பிரச்சினை. பத்து வார்த்தைக்கு மேல் எந்த வாக்கியமும் போகக் கூடாது. எல்லாவற்றையும் வெட்டிப் போடுங்க, கூட்டம் கேட்கும்.

பெருந்துறை மெய்ப்பு:
தம்பி, அவர் கொடுத்த பத்தியை எண்ணிப் பாருங்க. ஏழு வாக்கியத்தில் ஆறு, ஐந்தைந்து சொல். ஒன்றில் மட்டும் ஆறு. வெட்டுவதற்கு அங்கே எதுவும் இல்லை. சின்ன வாக்கியமாகவே இருந்தும் தூக்கம் வருகிறது. நீளமான வாக்கியம் அலுப்புத் தரும் என்பது பாதி உண்மை. ஒரே அளவு எதுவானாலும் அலுப்புத் தரும், அது ஐந்து சொல்லானாலும் சரி, இருபத்தைந்தானாலும் சரி.

இன்னொன்று, தமிழுக்கே உரியது. நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. அதனால் காதில் கடைசியாக விழுவது வினையின் விகுதி. இந்தப் பத்தியின் கடைசிச் சொற்களை மட்டும் வாசியுங்க: காணப்பட்டது, அளிக்கப்பட்டது, பார்வையிடப்பட்டது, கண்டறியப்பட்டது, அடைக்கப்பட்டன, தெரிவிக்கப்பட்டது, கண்டறியப்பட்டது. ஏழும் செயப்பாட்டு வினை. நீளத்தை எவ்வளவு மாற்றினாலும் இந்த வால் இருக்கும்வரை ஓசை மாறாது.

நான் செய்வது இது. கோப்பை நகல் எடுத்து வேர்டில் திறந்து, `Ctrl+H` போட்டு, `Find what` பெட்டியில் புள்ளியும் ஓர் இடைவெளியும், `Replace with` பெட்டியில் `.^p` கொடுத்து `Replace All`. ஒவ்வொரு வாக்கியமும் தனி வரியாகிவிடும். அப்புறம் `Ctrl+A`, `Ctrl+R`. எல்லாம் வலப்பக்கம் ஒட்டி நிற்கும். வாலெல்லாம் ஒரே நேர்கோட்டில் தெரியும், இடது ஓரத்தில் நீள வித்தியாசம் தெரியும். இடது ஓரம் செங்குத்தாக இருந்தால் அளவு ஒரே மாதிரி, வலது ஓரம் "பட்டது, பட்டது" என்று இறங்கினால் முடிவு ஒரே மாதிரி. "ரூ. 500" மாதிரி இடங்களும் உடையும், அதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

ஊத்துக்குளி:
வரி இடைவெளியை ஒன்றரை ஆக்கி, எழுத்தைப் பெரிசாக்கிப் பார்த்தீங்களா? எங்க சங்கத்தில் அப்படித்தான் செய்தோம், படிக்க நன்றாக இருந்தது.

கோபி பாசனம்:
அச்சில் பார்ப்பவர்களுக்கு அது உதவும், அண்ணா. எனக்குக் காதால் கேட்பவர்களும் இருக்கிறார்கள். மெய்ப்பு அக்கா சொன்னபடி வலப்பக்கம் ஒட்டிப் பார்த்தேன், முதல் அத்தியாயம் முழுக்க "பட்டது"தான். இதை எப்படி மாற்றுவது?

பெருந்துறை மெய்ப்பு:
செய்தவரை எழுவாயாகக் கொண்டு வந்தாலே பாதி வேலை முடிந்தது. செயப்பாட்டில் எழுதினால் பொருளோ செயலோ எழுவாயாகிவிடும், வினை "து"விலோ "ன"விலோ முடியும். உறுப்பினர்கள் வந்தால் "கொடுத்தார்கள்" வரும், குழு வந்தால் "பார்த்தது" வரும், சபையே பேசினால் "முடிவு செய்தோம்" வரும். விகுதி தானாக மாறும். கூடவே எதிர்மறை முடிவு, வினையே இல்லாமல் பெயரில் முடியும் வாக்கியம், இவையும் முறையான தமிழ்தான். "காரணங்கள் இரண்டு" என்று எழுத எந்த அலுவலகமும் தடை போடாது.

சேர்ப்பதற்கு ஒரு வழி. அடுத்தடுத்து ஒரே ஆள் செய்தவற்றை வினையெச்சத்தால் கோத்துவிடலாம். "நடந்து பார்த்து, அளந்து, பதிவேட்டில் எழுதியது" என்றால் நீளம் கூடினாலும் மூச்சு முட்டாது, ஏனென்றால் நடந்த வரிசையிலேயே போகிறது. மூச்சு முட்டுவது பெயரெச்சத்தை அடுக்கும்போது: "பொதுக்குழுவில் உறுப்பினர்கள் எழுப்பிய கேள்விகளுக்குப் பதிலாகத் தயாரிக்கப்பட்ட அறிக்கையில் குறிப்பிடப்பட்ட மதகு" என்று எழுதினால், எதைப் பற்றிப் பேச்சு என்று தெரிய மதகு வரை காத்திருக்க வேண்டும். இரண்டும் நீளம்தான். ஆனால் ஒன்றை ஓட்டமாக வாசிக்கலாம், மற்றதைச் சுமந்துகொண்டுதான் போக வேண்டும்.

உங்கள் பத்தியை இப்படி எழுதுவேன்:

"கடைமடைக்குத் தண்ணீர் போதவில்லை என்று உறுப்பினர்கள் மனு கொடுத்ததை அடுத்து, சபையின் குழு கிளை வாய்க்காலை முழுவதும் நடந்து பார்த்தது. கரையில் மூன்று உடைப்புகள். மூன்றையும் மண் மூட்டை கொண்டு அடைத்த பிறகும் கடைமடையில் நீர்மட்டம் உயரவில்லை. காரணம் கரை அல்ல, மதகு. அதன் திறப்பளவு குறைக்கப்பட்டிருந்ததைக் குழு பின்னர்தான் கண்டது."

ஏழில் உங்களுக்கு முக்கியமானது கடைசி வாக்கியம். மூலத்தில் அதற்கும் மண் மூட்டைக்கும் ஒரே எடை. கேட்பவர் காதில் மதகு விழாமலே போய்விடும். குட்டை வாக்கியம் அதற்காகத்தான், அழகுக்காக அல்ல.

வாய்க்கால் பொறியாளர் (ஓய்வு):
எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இப்படிப்பட்ட அறிக்கைகளை மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டவன் நான்.

"காரணம் கரை அல்ல, மதகு" என்கிறீர்கள். மூன்று உடைப்பிலும் தண்ணீர் போனது உண்மைதானே? அப்படியானால் கரையும் ஒரு காரணம். மூல வாக்கியம் அதை மறுக்கவில்லை, உங்கள் வாக்கியம் மறுக்கிறது. ஓசைக்காக ஒரு பொய் உள்ளே வந்துவிட்டது. நாளை மதகுக்குப் பொறுப்பானவர் இதைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டால் சபை என்ன சொல்லும்?

அப்புறம் "குறைக்கப்பட்டிருந்தது". அதை நீங்களே விட்டுவைத்தீர்கள், சரியான வேலை. குறைத்தது யார் என்று தெரியாதபோது செயப்பாட்டு வினைதான் நேர்மையானது. எல்லா "பட்டது"வையும் வேட்டையாடினால் தெரியாத ஆளின் மேல் பழி போடும் வாக்கியம் வரும்.

இதைவிட ஆபத்து, நிபந்தனையைப் பிரிப்பது. கீழ்பவானி வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர், ஆயக்கட்டு 2,07,000 ஏக்கர். மதகுகள் ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று முறை வைத்துத்தான் தண்ணீர் வாங்குகின்றன. "அணையில் போதிய நீர் இருப்பு இருந்தால் மட்டுமே இரட்டைப்படை மதகுகளுக்கு இரண்டாம் போகத்தில் தண்ணீர் திறக்கப்படும்" என்பது ஒரு வாக்கியம். அதைக் காளை சொன்னபடி வெட்டினால், "இரட்டைப்படை மதகுகளுக்கு இரண்டாம் போகத்தில் தண்ணீர் திறக்கப்படும். இது நீர் இருப்பைப் பொறுத்தது." முதல் வாக்கியத்தை மட்டும் காதில் வாங்கியவர் விதை வாங்கக் கிளம்பிவிடுவார்.

திருப்பூர் ஏற்றுமதி:
ஐயா சொல்வதை என் அனுபவமும் ஒத்துக்கொள்கிறது. நாங்கள் வாங்குபவர்களுக்கு ஆண்டுதோறும் தணிக்கை அறிக்கை அனுப்புகிறோம். சாயக்கழிவு சுத்திகரிப்பு, நூல் இருப்பு, பாதுகாப்பு என்று ஒவ்வோர் அம்சத்துக்கும் ஒரே அச்சில் வாக்கியம். ஒரு வருடம் புதிதாக வந்த பையன் அழகாக மாற்றி மாற்றி எழுதினான். "சரிபார்க்கப்பட்டது" என்று ஓரிடத்தில், "நேரில் கண்டோம்" என்று இன்னோரிடத்தில். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறதா என்று கேட்டு அவர்கள் பக்கம் பக்கமாக மின்னஞ்சல் அனுப்பினார்கள். வாக்கியம் மாறினால் பொருளும் மாறியதாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

பெருந்துறை மெய்ப்பு:
திருப்பூர் அண்ணா, உங்களுடையது பட்டியல். நாற்பது அம்சத்தை ஒரே அளவுகோலால் அளக்கும் இடத்தில் ஒரே வாக்கியம்தான் வேண்டும். இன்னும் நல்லது, அதை அட்டவணையாக்கி வாக்கியத்தையே எடுத்துவிடுவது. அந்தப் பையன் மாற்றியது கலைச்சொல்லை. அதை எந்த அறிக்கையிலும் மாற்றக் கூடாது. பத்தி முழுக்க "மதகு" என்றால் "மதகு"தான், ஒருமுறைகூட "நீர்வழி" என்று எழுத வேண்டியதில்லை. மாற்ற வேண்டியது வாக்கியத்தின் உடம்பையும் முடிவையும் மட்டும், அதுவும் நடந்ததைச் சொல்லும் பகுதியிலும் முடிவுகளைச் சொல்லும் பகுதியிலும்தான்.

பொறியாளர் ஐயா சொன்ன நிபந்தனை விஷயம் முழுக்கச் சரி. "இருந்தால்", "மட்டுமே", "தவிர" இருக்கும் வாக்கியத்தை வெட்டக் கூடாது. கனமாக இருக்கிறது என்று பட்டால் அதற்கு முன்னும் பின்னும் உள்ளவற்றைக் குட்டையாக்கி, அதற்கு இடம் கொடுக்கலாம்.

கோபி பாசனம்:
"காரணம் கரை அல்ல" என்பதை என்ன செய்வதுங்க? எங்களுக்கும் அளந்த கணக்கு எதுவும் இல்லை, எவ்வளவு கரையில் போனது, எவ்வளவு மதகில் குறைந்தது என்று.

சத்தி தமிழாசிரியை:
"கரையை அடைத்தது மட்டும் போதவில்லை" என்று எழுதுங்க. நான்கே சொல், குட்டையாகவும் இருக்கிறது, யாரையும் குற்றம் சொல்லவில்லை. அளக்காததை அளந்ததாகவும் சொல்லவில்லை. அதை அடுத்து மதகு வாக்கியம் வரட்டும்.

குட்டை வாக்கியத்தைத் தனியே எடுத்து, முன்னும் பின்னும் மறைத்துவிட்டு வாசித்துப் பாருங்க. அப்போதும் உண்மையாக நின்றால் வைக்கலாம். கேட்பவர்கள் அதைத்தான் நினைவில் வைத்துக்கொண்டு வெளியே போய்ச் சொல்வார்கள்.

காங்கயம் காளை:
சரிங்க அக்கா, ஐந்து ஐந்தாக இருந்தாலும் அலுப்புத்தான் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு நீளம், ஒரு குட்டை, ஒரு நீளம், ஒரு குட்டை என்று வைத்தால் போதும்தானே?

பெருந்துறை மெய்ப்பு:
அதுவும் ஒரு தாளமாகிவிடும் தம்பி. இரண்டு பக்கத்தில் அடுத்தது என்ன வரும் என்று காது தெரிந்துகொள்ளும். சில பத்திக்குக் குட்டை வாக்கியம் தேவையே இருக்காது. வரப்போகிற செய்திக்கு எடை இருந்தால் மட்டும் வையுங்க.

வாய்க்கால் பொறியாளர் (ஓய்வு):
ஆசிரியையின் வாக்கியத்தில் எனக்குக் குறையில்லை. ஆனாலும் என் கருத்து இதுதான்: அறிக்கை கோப்புக்குப் போகட்டும், அதைப் பழைய முறையிலேயே எழுதுங்கள். பொதுக்குழுவில் வாசிக்க எட்டுப் பக்கத்தில் தனிச் சுருக்கம் எழுதி, உங்கள் ஓசையை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

பெருந்துறை மெய்ப்பு:
ஐயா, கோப்பை வாசிப்பவரும் மனிதர்தானே. ஏழாவது வாக்கியத்தில் மதகு இருப்பது மேசையில் இருப்பவர் கண்ணிலும் படாமல் போகிறது. கையெழுத்துப் போட வேண்டியவரே அவர்தான்.

கோபி பாசனம்:
இப்போதைக்கு நடவடிக்கைப் பகுதியையும் முடிவுகளையும் மாற்றுகிறேன். மதகு வாரியான பட்டியல் அட்டவணைக்குப் போகிறது. நிபந்தனை வாக்கியங்களில் கை வைக்கவில்லை. சுருக்கம் தனியாக வேண்டுமா என்பதைச் செயலாளரிடம் கேட்டுவிட்டு வருகிறேன். பொறியாளர் ஐயா, அந்தப் பகுதியை இங்கே போட்டால் ஒருமுறை பார்த்துத் தருவீங்களா?

வாய்க்கால் பொறியாளர் (ஓய்வு):
போடுங்கள். அளவு, தேதி, மதகு எண் மூன்றும் நீங்கள் மாற்றி எழுதிய இடங்களில்தான் முதலில் தவறும், அவற்றை மூலத்தோடு வைத்து முதலில் பார்க்கிறேன்.