கொலு படி ஸ்டாக் எடுக்கலாமா? டிரெண்ட்ஸ்ல 100 காட்டுது. அவசரம்!

சேலம்_கார்த்தி
வணக்கம். மடக்கி வைக்கிற கொலு படி ஆன்லைன்ல விக்கலாம்னு இருக்கேன். கூகுள் டிரெண்ட்ஸ்ல பார்த்தேன், செப்டம்பர்ல 100 தொட்டிருக்கு. அமேசான்ல ஒரு லிஸ்டிங்குக்கு 640 ரேட்டிங். 200 செட் எடுத்தா விலை குறைக்கிறேன்னு சப்ளையர் சொல்றார். போன வருஷம் செப்டம்பர் மூணாவது வாரம்தான் உச்சம், அதனால ஆகஸ்ட் கடைசியில சரக்கு வந்தாப் போதும். நாளைக்குள்ள அட்வான்ஸ் போடணும். எடுக்கலாமா, வேண்டாமா?

தராசு
எந்த வார்த்தையைப் போட்டுத் தேடினீங்க? எந்த மாநிலம், எத்தனை மாசக் கணக்கு? எத்தனை படி, இரும்பா பிளாஸ்டிக்கா? பெட்டி அளவு, எடை? இது எதுவும் தெரியாம ஆமாம்னோ வேண்டாம்னோ சொல்ல முடியாது.

மண்வாசனை
காகிதக்கூழ் பொம்மையா எடுங்க தம்பி. களிமண்ணு கூரியர்ல போனா மூக்கும் விரலும்தான் முதல்ல போகும். செட்டு பொம்மையில ஒண்ணு உடைஞ்சாலும் முழு செட்டையும் திருப்பி அனுப்பிடுவாங்க.

சேலம்_கார்த்தி
அண்ணே, நான் கேட்டது படி, பொம்மை இல்ல 🙂

சந்தைக்கிழார்
வருஷாவருஷம் ஆடி பொறக்கும்போது இந்தக் கேள்வி வரும். பழைய இழைகளைத் தேடிப் படிச்சுட்டு வந்திருந்தா டிரெண்ட்ஸ்ல 100-ன்னா என்னன்னு தெரிஞ்சிருக்கும். முதல்ல அதைப் புரிஞ்சுக்குங்க, அப்புறம் வியாபாரம் பண்ணலாம்.

சேலம்_கார்த்தி
தேடினது `golu`. இந்தியா முழுக்க, கடைசி 12 மாசம். 5 படி, பவுடர் கோட்டிங் போட்ட இரும்பு, 8.5 கிலோ. பெட்டி 92 × 38 × 20 செ.மீ. ஒரு செட் 1,850 ரூபாய்.

தராசு
இப்ப பேசலாம்.

100-ங்கிறது எத்தனை பேர் தேடினாங்கங்கிற எண்ணிக்கை இல்ல. நீங்க பார்த்த காலத்துல, நீங்க போட்ட வார்த்தைக்கு எந்த வாரம் உச்சமோ அதுக்கு 100. நூறு பேர் தேடினாலும் உச்சம் 100-தான், லட்சம் பேர் தேடினாலும் அதே 100-தான். அதனால ஒரு வார்த்தையைத் தனியாப் பார்த்தா சந்தையோட அளவு தெரியாது. பக்கத்துல வருஷம் முழுக்க ஓடுற ஒரு பொருளை நிறுத்தணும். `golu stand`, `shoe rack` ரெண்டையும் ஒப்பிட்டுப் போட்டு, மாநிலம் தமிழ்நாடுன்னு வச்சுப் பாருங்க. உங்க கோடு எவ்வளவு உயரம் எழும்புது, எத்தனை வாரம் நிக்குதுன்னு கண்ணுக்குத் தெரியும்.

அடுத்தது வார்த்தை. `golu`ன்னு தேடுறவங்கள்ல அலங்கார யோசனை, படம், வாழ்த்து, சுண்டல் பட்டியல் தேடுறவங்கதான் அதிகம். அவங்க வீட்டுல படி ஏற்கெனவே இருக்கும். வாங்குறவங்க `golu stand`, `golu padi`, `golu steps`, `கொலு படி`ன்னு தேடுவாங்க. `kolu`ன்னு எழுதுறவங்களும் உண்டு. கர்நாடகத்துல `gombe stand`, ஆந்திரா தெலங்கானாவுல `bommala koluvu`. இந்த ரெண்டு வகைக் கோட்டையும் சேர்த்துப் போட்டாலே வித்தியாசம் புரியும். `golu` நவராத்திரி நடக்கும்போது உச்சத்துல நிக்கும். `golu stand` அதுக்கு முன்னாடியே ஏறி, படி கட்டின அன்னிக்கே விழுந்துடும். உங்களுக்கு வேண்டியது ரெண்டாவது கோடு.

சில வார்த்தைக்கு வருஷம் பூரா பூஜ்யமா இருக்கும். யாருமே தேடலைன்னு அர்த்தமில்ல, டிரெண்ட்ஸ் காட்டுற அளவுக்குத் தேடல் சேரலை, அவ்வளவுதான். அந்த வார்த்தையை கூகுள் விளம்பரக் கணக்குல இருக்கிற கீவேர்ட் பிளானர்ல பாருங்க. அதுல ஒரு கண்ணி இருக்கு: மாசச் சராசரின்னு வர்ற எண் 12 மாசத்துக்குப் பங்கு போட்டது. சராசரி 1,000-ன்னா மொத்தம் 12,000. பண்டிகைப் பொருள்ல அதுல பெரும்பங்கு ஒரே மாசத்துல வந்திருக்கலாம். மாசவாரிக் கோட்டைத் திறந்து பார்க்காம சராசரியை நம்பாதீங்க.

தராசு
முக்கியமானதை விட்டுட்டேன். 12 மாசம் மட்டும் பார்த்ததாலதான் செப்டம்பர்ங்கிறீங்க. 5 வருஷத்துக்கு மாத்திப் பாருங்க, உச்சம் இடம் மாறிட்டே இருக்கும். நவராத்திரி தொடங்கினது 2023-ல அக்டோபர் 15, 2024-ல அக்டோபர் 3, 2025-ல செப்டம்பர் 22. இந்த வருஷம் 2026-ல அக்டோபர் 11. செப்டம்பர் மூணாவது வாரத்தைக் குறிவச்சு விளம்பரக் காசைக் கொட்டினா, ஆள் வாங்க வர்ற நேரத்துல கை காலியா இருக்கும். மகாளய அமாவாசையிலிருந்து பின்னோக்கி எண்ணுங்க. அமாவாசைக்குள்ள வீடு போய்ச் சேராத படி அடுத்த வருஷத்துக்குத்தான்.

வேகம்99
ப்ரோ, ரொம்ப யோசிக்காதீங்க. 50 பேர் வாங்கினா ஒருத்தர்தான் ரேட்டிங் போடுவார். 640-ஐ 50-ஆல பெருக்குங்க, 32,000 செட்! இதுல 200 எல்லாம் தூசு. இன்னிக்கே அட்வான்ஸ் போடுங்க.

கணக்கு_மீனா
அந்த 50 எங்கிருந்து வந்துச்சுங்க? பொருளுக்குப் பொருள் மாறும், யாருக்கும் சரியாத் தெரியாது. ரேட்டிங்கை வச்சு ரெண்டு லிஸ்டிங்கை ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடலாம், விற்பனையைக் கணக்குப் போட முடியாது.

அந்த 640-லயும் சிக்கல் இருக்கு. 3 படி, 5 படி, 7 படி, 9 படி எல்லாம் ஒரே லிஸ்டிங்கா இருந்தா ரேட்டிங் எல்லாத்துக்கும் சேர்த்துதான் வரும். கார்த்தி, இப்படிப் பண்ணுங்க: விமர்சனங்களைப் புதுசு முதல்ல வர்ற மாதிரி வரிசைப்படுத்துங்க. ஒவ்வொண்ணுக்கும் மேல எந்த அளவு வாங்கினாங்கன்னு இருக்கும். 5 படி வாங்கினவங்களை மட்டும் எடுத்து, தேதியைப் பார்த்து வருஷவாரியா எண்ணுங்க. 2023, 2024, 2025-னு மூணு எண் கிடைக்கும். ஏறுதா இறங்குதா? முதல் பத்து லிஸ்டிங்குக்கும் இதே மாதிரி எண்ணினா, விற்பனை ஒரே ஆள்கிட்டயா இல்ல பரவிக் கிடக்குதான்னு தெரியும். ஒருத்தரே முக்கால்வாசி வச்சிருந்தா நீங்க நுழையறது கஷ்டம்.

இப்ப ஜூலையில ரேங்க்கையும் `bought in past month` வரியையும் பார்க்காதீங்க. சீசன் இல்லாத மாசத்துல அது எதையும் சொல்லாது.

வேகம்99
எல்லாத்தையும் எண்ணிட்டே இருந்தா சீசன் போயிடும் மேடம். ஆனா ஒண்ணு, கடைசி நேரத்துல சப்ளையர் விலை ஏத்துவார், அது உண்மை.

கணக்கு_மீனா
அது சரிதான், அதுக்காக 200 வேண்டாம். எண்ணி முடிக்க ஒரு சாயங்காலம் போதும்.

எண்ணும்போதே 1, 2, 3 ஸ்டார் விமர்சனங்களையும், வாங்குறவங்க கேட்ட கேள்விகளையும் ஒரு தாள்ல எழுதுங்க. (சில பக்கத்துல கேள்வி-பதில் பகுதியே தெரியாது, விமர்சனத்துலயே கேட்டிருப்பாங்க.) படி விஷயத்துல சுத்திச் சுத்தி நாலு வரும்: ஒரு படி எத்தனை கிலோ தாங்கும், படியோட ஆழம் எவ்வளவு, ஸ்க்ரூ குறையுது, மேல் படி ஆடுது. அதுல ஆழம்தான் பெரிய விஷயம். லிஸ்டிங்ல மொத்த உயரமும் அகலமும் போட்டிருப்பாங்க, படியோட ஆழத்தைப் போட மாட்டாங்க. 15 செ.மீ. ஆழம்னா மரப்பாச்சி நிக்கும், தசாவதார செட்டு நிக்கும். அடி அகலமான பெரிய பொம்மை பாதி வெளிய தொங்கும். ஒரே புகார் ஏழெட்டு லிஸ்டிங்ல திரும்பத் திரும்ப வந்து, யாருமே அதைச் சரி பண்ணலைன்னா அதுதான் உங்களுக்கான இடம். 20 செ.மீ. ஆழம்னு முதல் படத்துலயே அளவுகோலோட காட்டுறவருக்கு விலையில அடிச்சுக்க வேண்டிய அவசியம் குறைவு.

உங்க சப்ளையர் படியோட ஆழம் என்ன?

கோவை_பார்சல்
பெட்டி அளவைப் பார்த்தீங்களா யாராவது? கூரியர்காரங்க எடையை மட்டும் பார்க்க மாட்டாங்க, பெட்டி அடைக்கிற இடத்தையும் கிலோவா மாத்துவாங்க: 92 × 38 × 20-ஐ 5,000-ஆல வகுத்தா 13.98. பெரும்பாலான கூரியர்ல நீங்க 8.5 கிலோவுக்கு இல்ல, 14 கிலோவுக்குக் காசு கட்டணும். திரும்பி வந்தா அதுக்கும் கணக்குப் பாருங்க. இதுல திரும்பி வர்றது சாதாரணமில்ல, ஒன்பது நாள் பொம்மை வச்சுட்டு விஜயதசமிக்கு அடுத்த நாள் ரிட்டர்ன் போடுறவங்க இருக்காங்க. கீறலோட வர்ற பவுடர் கோட்டிங்கைப் புதுசுன்னு மறுபடி விக்க முடியாது.

சப்ளையர்கிட்ட படிப் பலகையை ஒண்ணுக்குள்ள ஒண்ணு அடுக்கி 14 செ.மீ. உயரத்துல கட்ட முடியுமான்னு கேளுங்க. 92 × 38 × 14-ன்னா 9.8 கிலோ. அட்டைப் பெட்டியில 6 செ.மீ. குறைஞ்சா லாபம் அங்கேயே நிக்குது.

சந்தைக்கிழார்
இதெல்லாம் இருக்கட்டும், ஜிஎஸ்டி எடுத்தாச்சா? ஆன்லைன்ல விக்கணும்னா முதல் ரூபாயிலிருந்து கட்டாயம்.

வேகம்99
40 லட்சம் வரைக்கும் தேவையில்ல சார்.

கோவை_பார்சல்
ரெண்டு பேரும் பாதி சரி. 2023 அக்டோபர் 1-லிருந்து மாநிலத்துக்குள்ள மட்டும் பொருள் விக்கிற சின்ன வியாபாரி, வரம்புக்குள்ள இருந்தா பதிவு இல்லாமலே பதிவெண் மாதிரி ஒரு எண் வாங்கி ஆன்லைன்ல விக்கலாம். வேற மாநிலத்துக்கு ஒரு பார்சல் போனாலும் பதிவு வேணும்.

சந்தைக்கிழார்
அப்ப பெங்களூரை விட்டுடச் சொல்றீங்களா? கொலு படிக்குப் பாதிச் சந்தை அங்கதான்.

கோவை_பார்சல்
விடச் சொல்லலை. பதிவு எடுக்கச் சொல்றேன். பாதிச் சந்தைன்னு எங்க பார்த்தீங்க?

சந்தைக்கிழார்
இருபது வருஷமாப் பார்க்கிறேன், அதுவே போதும்.

தராசு
டிரெண்ட்ஸ்ல கீழ மாநிலவாரிப் பட்டியல் இருக்கும், ஆனா அதுவும் விகிதம்தான், எண்ணிக்கை இல்ல. மக்கள்தொகை கம்மியான மாநிலமும் மேல வரலாம். அதை வச்சு பாதி, முக்கால்னு சொல்ல முடியாது. இந்தச் சண்டைக்குத் தனி இழை திறங்கப்பா, கார்த்தியோட கேள்வி அந்தரத்துல நிக்குது.

கணக்கு_மீனா
கார்த்தி, எண்ணிப் பார்த்தீங்களா?

சேலம்_கார்த்தி
எண்ணிட்டேன் அக்கா. 640-ல 5 படி வாங்கி எழுதினவங்க மூணு வருஷத்துக்கும் சேர்த்து 71 பேர்தான். 2023-ல 14, 2024-ல 26, 2025-ல 31. `shoe rack` பக்கத்துல போட்டா நம்ம கோடு ரெண்டு மூணு வாரம் தலை தூக்கிட்டுப் படுத்துடுது. படியோட ஆழம் கேட்டேன், 16 செ.மீ.ங்கிறார். 20 வேணும்னா 100 செட்டுக்குக் குறைஞ்சு பண்ண மாட்டாராம். அட்வான்ஸ் போடலை. சாம்பிள் ஒண்ணு மட்டும் அனுப்பச் சொல்லியிருக்கேன்.

கோவை_பார்சல்
சாம்பிள் வந்ததும் மேல் படியில 5 கிலோ அரிசிப் பை வச்சு ஆட்டிப் பாருங்க. பெட்டியை நீங்களே டேப் வச்சு அளங்க, சப்ளையர் சொன்ன அளவை நம்பாதீங்க. பிதுங்கின பெட்டியில 2 செ.மீ. கூடும், கூரியர் அதுக்கும் சேர்த்துத்தான் பில் போடுவான்.

மண்வாசனை
20 செ.மீ. ஆழத்துல 25 செட் செஞ்சு தர்ற ஃபேப்ரிகேஷன் பட்டறை யாருக்காவது தெரியுமா? எனக்கும் வேணும்.

கணக்கு_மீனா
கார்த்தி, சாம்பிள் வந்துச்சா?