மணிக்கட்டின் மேல் உருண்டைக் கட்டி, புத்தகத்தால் அடிக்கலாமா?

கோத்தகிரி மகன்: அம்மா தேயிலைத் தோட்டத்தில் கத்தரி பிடித்துக் கொழுந்து வெட்டுபவர், வயது 38. வலது மணிக்கட்டின் பின்புறம் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி. கையை உள்பக்கம் மடக்கினால் நன்றாகத் துருத்தும். சில வாரம் சின்னதாகிறது, வேலை கூடினால் பெருக்கிறது. வலி லேசாகத்தான். கனமான புத்தகத்தால் ஓங்கி அடித்தால் போய்விடும் என்கிறார் மாமா. அடிக்கலாமா?

மலைக்காற்று: என் அண்ணனுக்கு அப்படித்தான் தாத்தா அடித்தார். சட்டென்று அமுங்கியது, அன்றே காணோம். பயப்படாதீர்கள்.

பிசியோ அக்கா, குன்னூர்: மலைக்காற்று தம்பி, அமுங்கியது உண்மைதான். அதற்குப் பிறகு என்ன ஆனது? இது கேங்கிலியானாக இருந்தால், உள்ளே கூழ் மாதிரி கெட்டித் திரவம் உள்ள பை. பைக்கு ஒரு காம்பு உண்டு, அது மணிக்கட்டு மூட்டுக்குள் போகிறது. அடித்தால் பை உடைந்து கூழ் தோலுக்கடியில் பரவும். காம்பு அப்படியே இருப்பதால் மறுபடி நிரம்பலாம். அந்தப் பைக்கு நேர் கீழே சின்னச் சின்ன எலும்புகளும் அவற்றைக் கட்டியிருக்கும் தசைநார்களும் இருக்கின்றன. தடித்த நோட்டால் அடித்துக்கொண்டு வந்த ஒருவரின் எலும்பில் விரிசல் பார்த்திருக்கிறேன். கட்டியும் போகவில்லை, ஆறு வாரம் மாவுக்கட்டு.

மகனே, விளக்கை அணைத்துவிட்டு போன் டார்ச்சைக் கட்டியின் பக்கவாட்டில் ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். சிவப்பாக ஒளி ஊடுருவினால் திரவப் பை என்று நினைக்கலாம். ஆனால் அதை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள், டாக்டர் கை வைத்துப் பார்க்கட்டும்.

மலைக்காற்று: ஆமாம் அக்கா, ஒரு வருடத்தில் திரும்ப வந்தது. சொல்ல மறந்துவிட்டேன்.

ரோஜாத்தோட்டம்: எனக்கும் இருக்கிறது, உள்ளங்கைப் பக்கம், கட்டைவிரலுக்குக் கீழே. ஊசியால் குத்தி எடுத்துவிடவா?

பிசியோ அக்கா, குன்னூர்: வேண்டவே வேண்டாம்! நாடி பார்க்கும் ரத்தக்குழாய் அங்கேதான் ஓடுகிறது. வீட்டு ஊசி கிருமியை மூட்டுக்குள்ளும் கொண்டுபோகும்.

கோத்தகிரி மகன்: டார்ச் வைத்துப் பார்த்தோம், ஒளி தெரிகிறது. மருத்துவமனையில் ஊசியால் உறிஞ்சினால் தீருமா அக்கா?

பிசியோ அக்கா, குன்னூர்: சுமார் பாதிப் பேருக்குத் திரும்பி வருகிறது. அறுவை செய்து காம்போடு எடுத்தால் அந்த வாய்ப்பு குறைவு, ஆனாலும் சிலருக்கு வரும். தொந்தரவு இல்லையென்றால் விட்டுவைக்கலாம், பலருக்குத் தானாகவே மறைகிறது, சில சமயம் வருடக்கணக்கில். வலி வந்த நாட்களில் மணிக்கட்டுப் பட்டை போட்டு ஓய்வு கொடுங்கள். கல் மாதிரி இறுகினால், வேகமாக வளர்ந்தால், விரல் மரத்தால், சிவந்து சுட்டால் தள்ளிப்போடாதீர்கள்.

கோத்தகிரி மகன்: மாமாவிடம் சொல்லிவிட்டேன். திங்கள்கிழமை அரசு மருத்துவமனைக்குப் போகிறோம். கத்தரியைக் கொஞ்ச நாள் விட்டால் சுருங்குமா என்று தெரியவில்லை. ஆனால் கொழுந்து நிறைய வரும் நேரம், அம்மா கேட்க மாட்டார்.