உதவி தேவை: 250 கிராம் ஊறுகாய் பாட்டில் லேபிள், சின்ன எழுத்தெல்லாம் அப்பிப் போகிறது

மேலூர் ஊறுகாய்:
வணக்கம். மாங்காய் ஊறுகாய்க்கு லேபிள் போடுகிறோம். நேரான உருளை பாட்டில், கழுத்தை விட்டுவிட்டால் உயரம் 9 செ.மீ., விட்டம் 6.5 செ.மீ. மஞ்சள் பின்னணியில் அரக்குப் பழுப்பு எழுத்து, முழுக்கத் தமிழில். பொருட்கள் பட்டியல் 5 பாயின்ட். மாதிரி அச்சு வந்தது. ‘ஞ’, ‘ணை’, ‘ழு’ இதிலெல்லாம் சுழி மூடிக்கொண்டு கறுப்புப் புள்ளி மாதிரி நிற்கிறது. கடைக்காரர் மிஷினில் குறை இல்லை, ஃபைல்தான் அப்படி என்கிறார். ஃபைலை வாட்ஸ்அப்பில் ஜேபிஜியாக அனுப்பினோம். எதை மாற்ற வேண்டும்? கட்டாயம் போட வேண்டிய விவரங்களில் எதுவும் விட்டுப்போயிருக்கிறதா என்றும் சொல்லுங்கள்.

பட்டியல் இப்படி இருக்கிறது: மாங்காய், நல்லெண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள், கடுகு, வெந்தயம், மஞ்சள்தூள், பெருங்காயம். ஒரு தடவைக்கு மாங்காய் 5 கிலோ, எண்ணெய் 950 மி.லி., உப்பு 900 கிராம், மிளகாய்த்தூள் 600 கிராம். மற்றது கொஞ்சம் கொஞ்சம்.

டி.டி.பி. தல்லாகுளம்:
கடைக்காரர் சொன்னது சரிதாங்க. இதில் மூன்று கோளாறு சேர்ந்திருக்கிறது.

முதலாவது, வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கித்தான் அனுப்பும், எழுத்தின் ஓரம் கலங்கிவிடும். பிடிஎஃப் எடுத்து ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். அதற்கு முன்னால் கோரலில் எழுத்தையெல்லாம் தேர்ந்தெடுத்து Convert to Curves கொடுங்கள். இல்லாவிட்டால் கடை சிஸ்டத்தில் உங்கள் ஃபான்ட் இல்லாமல் ‘கொ’வின் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். கர்வ் செய்த பிறகு எழுத்துப் பிழை திருத்த முடியாது. அதனால் திருத்தக்கூடிய மூலப் பிரதியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது நிறம், பெரிய குற்றவாளி இதுதான். பழுப்பு என்பது ஒரே மை இல்லை. மூன்று நான்கு மையின் புள்ளிகள் சேர்ந்துதான் பழுப்பாகத் தெரிகிறது. 5 பாயின்ட் எழுத்தின் கோடு கால் மில்லிமீட்டர்கூட இருக்காது. அதில் ஒரு நிறம் மயிரிழை நகர்ந்தாலும் ‘ழு’வின் சுழி அடைபடும். சின்ன எழுத்துக்கு எல்லாம் கறுப்பு மை மட்டும், அதாவது C0 M0 Y0 K100 வையுங்கள். பழுப்பு ஆசையை ஊறுகாய்ப் பெயரில் தீர்த்துக்கொள்ளலாம், அங்கே எழுத்து பெரிதாக இருப்பதால் அடைபடாது. அடர் பின்னணியில் வெள்ளை எழுத்தும் வேண்டாம், மை உள்ளே பரவி இன்னும் மெலியும்.

மூன்றாவது அளவு. ஆங்கிலம் 6 பாயின்ட்டில் தாங்கும், தமிழ் தாங்காது. 7 அல்லது 7.5 வையுங்கள். Hind Madurai அல்லது Mukta Malar மாதிரி சுழி திறந்த, ஒரே தடிமனான ஃபான்ட் போதும். போல்ட் போட்டால் தெளிவாகும் என்று நினைக்காதீர்கள், சுழி இன்னும் சீக்கிரம் அடையும்.

பலசரக்கு மேலமாசி:
இவ்வளவு கஷ்டம் எதற்கு? சட்டப்படி எழுத்து 1 மி.மீ. உயரம் இருந்தால் போதும். எல்லாவற்றையும் அந்த அளவில் போட்டுத் தள்ளுங்க. முழுக்கத் தமிழில் இருப்பதும் நல்லதுதான், நம்ம ஊர் ஆட்கள்தானே வாங்குகிறார்கள்.

உணவுலேபிள்:
அண்ணே, 1 மி.மீ. என்பது சாதாரண எழுத்துக்குச் சரி. எடையின் எண்ணுக்கு அது பொருந்தாது. 200 கிராமுக்கு மேல் 1 கிலோ வரை உள்ள பொட்டலத்தில் நிகர எடையின் எண் 4 மி.மீ. உயரம் இருக்க வேண்டும். பெரும்பாலான ஃபான்ட்டில் அது 16 பாயின்ட்டுக்குப் பக்கமாக வரும். ‘250 g’ என்றே போடுங்கள், ‘gms’ வேண்டாம்.

மொழி விஷயத்தில் தமிழ் மட்டும் போதாது. கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருந்தாக வேண்டும். தமிழைக் கூடுதலாகச் சேர்க்கலாம், இரண்டும் முரண்படக் கூடாது.

இப்போது மேலூர் அம்மாவின் பாட்டிலுக்கு வருகிறேன். சுற்றளவு 20.4 செ.மீ. உருளைப் பாட்டிலில் முன்முகப்பின் பரப்பு என்பது உயரம் பெருக்கல் சுற்றளவில் 20 சதவீதம். 9 × 20.4 × 0.2 போட்டால் ஏறக்குறைய 36.7 சதுர செ.மீ. 100-க்குள் இருப்பதால் சைவக் குறியின் பச்சை வட்டம் குறைந்தது 3 மி.மீ. விட்டம், அதைச் சுற்றிய சதுரம் 6 மி.மீ. பக்கம். பெயருக்குப் பக்கத்திலேயே, பின்னணியிலிருந்து எடுப்பாகத் தெரிகிற மாதிரி வையுங்கள். மஞ்சள் மேல் பச்சை மங்கும், வெள்ளைக் கட்டத்துக்குள் போட்டால் பிரச்சினை இல்லை.

பட்டியலில் இரண்டு திருத்தம். வரிசை எடைப்படி இறங்க வேண்டும், எண்ணெயை நீங்கள் மி.லி.யில் கணக்கிட்டிருக்கிறீர்கள். நல்லெண்ணெய் லிட்டருக்கு 920 கிராம் அளவில்தான் இருக்கும், ஆக 950 மி.லி. என்பது சுமார் 874 கிராம். உப்பு 900. அப்படியானால் மாங்காய்க்கு அடுத்து உப்பு, பிறகுதான் எண்ணெய். தராசில் ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள்.

அடுத்தது பெருங்காயம். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு சேர்ந்திருக்கும். நீங்கள் போடுவது ஒரு சிட்டிகைதான் என்றாலும், பட்டியலுக்குக் கீழே ‘கோதுமை உள்ளது’ என்ற ஒவ்வாமை வரி வர வேண்டும். பலரும் தவற விடுவது இதைத்தான். மாவு சேராத கட்டிப் பெருங்காயத்துக்கு மாறினால் அந்த வரி தேவைப்படாது.

தேன்பாட்டில் நத்தம்:
எனக்கும் இதே பிரச்சினைதான். லேபிள் ஒட்டினால் ஒரு ஓரம் மேலே ஏறுகிறது, கீழ்ப்பக்கம் சுருங்குகிறது. பாட்டில் அடியில் குறுகல்.

டி.டி.பி. தல்லாகுளம்:
உங்களுடையது அச்சுப் பிரச்சினை இல்லைங்க. சரிவான பாட்டிலில் நேர் செவ்வக லேபிள் ஒருக்காலும் நேராக உட்காராது, வில் மாதிரி வளைத்து வெட்ட வேண்டும். ஒரு தாளைப் பாட்டிலில் இறுகச் சுற்றி, மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பென்சிலால் கோடு போட்டு விரித்துப் பாருங்கள், அந்த வளைவு கிடைத்துவிடும்.

மேலூர் ஊறுகாய்:
ரொம்ப நன்றிங்க. பெருங்காய டப்பாவில் பார்த்தேன், கோதுமை மாவு இருக்கிறது. இரண்டு மொழியும் போட்டால் இடம் எப்படிப் போதும்? தேதி, விலையெல்லாம் எங்கே வைப்பது?

உணவுலேபிள்:
லேபிளை 19.5 × 6.5 செ.மீ. வைத்து மூன்று பத்தியாகப் பிரியுங்கள். வளைவில் ஒரே பார்வைக்கு மூன்றில் ஒரு பங்குதான் தெரியும். 6.5 செ.மீ.க்கு மேல் அகலமான பத்தியைப் படிக்கப் பாட்டிலை உருட்ட வேண்டியிருக்கும். நடுவில் பெயர், சைவக் குறி, எடை. இடப்பக்கம் பட்டியல், ஒவ்வாமை வரி, சத்து அட்டவணை. வலப்பக்கம் தயாரிப்பாளர் பெயர், பின்கோடுடன் முகவரி, வாடிக்கையாளர் தொடர்பு எண், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. முத்திரையும் 14 இலக்க எண்ணும், எப்படிப் பாதுகாப்பது என்ற வரி. தமிழைப் பெயருக்கும் பட்டியலுக்கும் பாதுகாக்கும் வரிக்கும் மட்டும் கொடுத்தால் இடம் மிஞ்சும்.

வலப்பத்தியின் அடியில் வெள்ளைக் கட்டம் ஒன்று விடுங்கள். தொகுதி எண், தயாரித்த தேதி, பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி, எம்.ஆர்.பி. (எல்லா வரிகளும் உட்பட), ஒரு கிராம் விலை எல்லாம் அதில் வரும். விலை 150 ரூபாய் என்றால் 250-ஆல் வகுத்து கிராமுக்கு ₹0.60. ‘தயாரித்ததிலிருந்து 9 மாதத்துக்குள் சிறந்தது’ என்று மட்டும் போட்டால் போதாது, கடைசித் தேதியே வேண்டும்.

டி.டி.பி. தல்லாகுளம்:
அந்தக் கட்டத்தின் மேல் லேமினேஷன் வரக் கூடாது, முத்திரை மை ஒட்டாமல் வழித்துக்கொண்டு வந்துவிடும். தேதியைத் தெர்மல் பில் மாதிரி ஸ்டிக்கரில் அடித்து ஒட்டுகிறவர்கள் உண்டு, எண்ணெய்க் கை பட்டால் அது மங்கிப்போகும். லேபிளே காகிதமாக இருந்தால் நல்லெண்ணெய் ஊறி எழுத்துக்குப் பின்னால் கறை தெரியும், பிளாஸ்டிக் ஸ்டிக்கர் கேளுங்கள்.

அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் சாதாரண லேசர் பிரின்டரில் 100 சதவீத அளவில் ஒரு பிரதி எடுங்கள். ‘Fit to page’ இருந்தால் எடுத்துவிடுங்கள், அது அளவைச் சுருக்கிவிடும். எடை எண்ணை ஸ்கேல் வைத்து அளந்து, பாட்டிலில் சுற்றிக் கை நீட்டிப் படித்துப் பாருங்கள்.

பலசரக்கு மேலமாசி:
சின்ன அளவில் செய்கிறவர்களுக்குச் சத்து அட்டவணை வேண்டாம் என்று ஒருவர் சொன்னாரே?

உணவுலேபிள்:
பதிவுச் சான்று வாங்கும் அலுவலகத்திலேயே எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது அண்ணே. அதுவரை இடப்பத்தியில் அதற்கு 4 செ.மீ. உயரம் காலியாக விட்டு வையுங்கள் அம்மா, பிறகு சேர்க்க வேண்டிவந்தால் மொத்த லேபிளையும் கலைக்க வேண்டாம்.

தேன்பாட்டில் நத்தம்:
வளைத்து வெட்டச் சொன்னீர்கள், அதற்குத் தனி டை செய்யணுமா? 200 பாட்டிலுக்குக் கட்டுப்படியாகுமா?