அம்மாவின் இறுதிச் சடங்குக்குத் தம்பியை அழைத்து வந்த எட்டு மணி நேரம்

தம்பிக்காக
அம்மா ஒரு வெள்ளிக்கிழமை இரவு 11 மணிக்குப் போய்விட்டார். தம்பி தண்டனைக் கைதி, உள்ளே போய் மூன்று வருஷம். விடிந்ததும் சிறை வாசலில் நின்றேன். அவசர விடுப்பைக் கண்காணிப்பாளரே கொடுத்துவிடலாம் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவர் கோப்பைப் புரட்டிவிட்டு, "இவர் மேல் இன்னொரு வழக்கு விசாரணையில் இருக்கிறதே. அதில் ரிமாண்ட். நீதிமன்றத்தில்தான் கேட்க வேண்டும்" என்றார். அந்தப் பழைய அடிதடி வழக்கை நாங்கள் மறந்தே போயிருந்தோம்.

அன்று சனிக்கிழமை. விடுமுறைப் பணியில் இருந்த நீதிபதியை வக்கீல் தேடிப் பிடித்து, மதியம் ஒரு மணிக்கு உத்தரவு வாங்கினார். போலீஸ் காவலோடு எட்டு மணி நேரம். வழிக்காவலுக்கு ஆளும் வண்டியும் கிடைத்துக் கிளம்பும்போது மூன்றரை. பயணம் போக மூன்று மணி நேரம், வர மூன்று. உத்தரவில் 'எட்டு மணி நேரம்' என்று மட்டும்தான் இருந்தது. காவல் அதிகாரி சிறை வாசலிலிருந்தே கணக்குப் போட்டார். அம்மாவுக்குப் பக்கத்தில் தம்பிக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரம்.

சும்மா ஒருவன்
பெற்றோர் இறந்தால் விடுப்பு கைதியின் உரிமை, மறுக்கவே முடியாது. இறப்புச் சான்றிதழைக் கொடுத்தால் போதும்.

ஓய்வுபெற்ற வார்டர்
பாதிதான் சரி, தம்பி. ஐ.நா.வின் நெல்சன் மண்டேலா விதிகளில் 70-ஆவது இதைப் பேசுகிறது. நெருங்கிய உறவினர் இறந்தால் கைதிக்கு உடனே சொல்ல வேண்டும், சூழ்நிலை இடம் கொடுத்தால் காவலோடோ தனியாகவோ அனுப்ப வேண்டும் என்று. அந்த 'இடம் கொடுத்தால்' என்பதில்தான் எல்லாம் தொங்குகிறது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2002-இல் போலந்து வழக்கு ஒன்றில், ஒரு மாதத்துக்குள் தாய் தந்தை இருவரையும் இழந்த விசாரணைக் கைதியை இரண்டு சடங்குக்கும் விடாதது தவறு என்றது. தப்பி ஓடுவார் என்ற பயம் இருந்தால் காவலோடு அனுப்பியிருக்கலாமே என்பதுதான் அவர்கள் கேள்வி. ஆனால் தீர்ப்பு வந்தபோது எட்டு வருஷம் ஓடிவிட்டது.

அப்புறம், இறப்புச் சான்றிதழுக்காகக் காத்திருந்தால் அடக்கமே முடிந்துவிடும். நான் வேலை பார்த்த இடத்தில் மருத்துவர் எழுதிய சீட்டையும், சடங்கு நேரத்தையும், வீட்டு முகவரியையும் வாங்கிக்கொள்வோம். பிறகு அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்கு நாங்களே போன் போட்டு உறுதி செய்வோம். போலி மரணம் சொல்லி வெளியே போனவர்களும் உண்டு, அதனால் போன் போடாமல் யாரையும் விட்டதில்லை. குடும்பம் முன்கூட்டியே நிலையத்தில் தகவல் சொல்லி வைத்தால் அங்கேயே இரண்டு மணி நேரம் மிச்சமாகும்.

முதலில் பேசியவருக்கு: மனுவிலேயே 'பயண நேரம் நீங்கலாக, வீட்டில் இத்தனை மணி நேரம்' என்று கேட்டிருக்க வேண்டும். நீதிபதிக்கு அது பெரிய விஷயமில்லை. எழுதாவிட்டால் காவலர் தன் பாதுகாப்புக்குக் குறைவாகத்தான் கணக்கு வைப்பார். நேரம் தாண்டினால் விளக்கம் கேட்கப்படுவது அவரிடம்தான்.

நீலவானம்
என் அப்பாவுக்கும் வீட்டுக் கூரை பழுதுபார்க்க விடுப்பு கேட்டு நாலு மாதமாக அலைகிறோம். இதே வழியில் போகலாமா?

ஓய்வுபெற்ற வார்டர்
இல்லை அம்மா, அது சாதாரண விடுப்பு, நன்னடத்தை அறிக்கை எல்லாம் பார்ப்பார்கள். அவசரம் என்று எழுதினால் மனு திரும்பி வரும்.

கடைசி வரிசை
என்னை வளர்த்தது பாட்டி. அவர் இறந்தபோது, விடுப்பு தரும் உறவினர் பட்டியலில் பாட்டி இல்லை என்று மறுத்துவிட்டார்கள். அலுவலர் அறையில் வீடியோ அழைப்பில் காட்டினார்கள், பத்து நிமிஷம். பாதியில் படம் உறைந்துவிட்டது. உறைந்த படத்தில் என் சித்தப்பாவின் முதுகுதான் தெரிந்தது.

தம்பிக்காக
மண்டேலா விதி பாட்டிக்குப் பொருந்தாதா, வார்டர் ஐயா?

ஓய்வுபெற்ற வார்டர்
அதில் 'நெருங்கிய உறவினர்' என்பதோடு, முக்கியமான வேறு ஒருவர் என்றும் இருக்கிறது. பொருந்தும் என்றுதான் நான் சொல்வேன். என்னோடு வேலை பார்த்த பாதிப் பேர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வளர்த்ததற்குப் பள்ளிப் பதிவோ, சிறையின் பார்வையாளர் பதிவேட்டில் பாட்டி பெயரோ இருந்திருந்தால் மனுவோடு வைத்திருக்கலாம்.

சும்மா ஒருவன்
கைவிலங்கோடா கூட்டி வந்தார்கள்?

தம்பிக்காக
வண்டியில் விலங்கு இருந்தது. தெருமுனையில் அந்த அதிகாரி வண்டியை நிறுத்தச் சொல்லி, அவரே கழற்றினார். உத்தரவில் அதைப் பற்றி எதுவும் இல்லை. திரும்பும்போது அதே முனையில் தம்பி தானாகக் கையை நீட்டினான்.