மாதச் சாப்பாட்டில் லீவு கழிப்பது: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

உமா, மாரத்தஹள்ளி
வீட்டிலிருந்து மதியச் சாப்பாடு அனுப்புகிறேன். பிஜி பையன்களும் ஆபீஸ் போகிறவர்களுமாக 30 பேர். திங்கள் முதல் சனி வரை, மாதம் 26 சாப்பாடு, 2,100 ரூபாய். வராத நாளுக்கு 81 ரூபாய் கழித்துக்கொள்ளலாம் என்று சொல்லித்தான் ஆள் சேர்த்தேன். நம்ம ஊர்ப் பையன்கள் வெள்ளி ராத்திரி மடிவாளாவில் பஸ் ஏறினால் செவ்வாய்தான் திரும்புகிறார்கள். நடுவில் வீட்டிலிருந்து வேலை வேறு. ஆள் குறையவில்லை, கையில் நிற்பதுதான் குறைகிறது. நீங்களெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கார்த்தி
கழிக்கவே கழிக்காதீர்கள். வாடகையில் லீவு கழிக்கிறார்களா என்ன? நான் ஒரு பிஜிக்கு ராத்திரிச் சாப்பாடு போடுகிறேன். தலைக்கு இவ்வளவு என்று பேசியது பேசியதுதான், யார் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும்.

உமா
உங்களுக்குப் பணம் கொடுப்பது பிஜி ஓனர், கார்த்தி. என்னிடம் ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கொடுக்கிறார்கள். கழிக்க மாட்டேன் என்றால் அடுத்த மாதம் ஆப்பில் வாங்கிக்கொள்வார்கள்.

ராஜன்
நான் வீடு சுத்தம் செய்யும் வேலை எடுத்து நடத்துகிறேன். எனக்கு இதே தலைவலி ஐந்து சனிக்கிழமை வரும் மாதத்தில்தான். மாதக் கட்டணம் என்று சொல்லிவிட்டால் ஐந்தாவது சனியும் வரச் சொல்வார்கள். இப்போது நான்கு முறை என்றே எழுதிக் கொடுக்கிறேன். ஐந்தாவது வேண்டுமென்றால் தனிக் காசு. சாப்பாட்டுக்கு இது ஒத்துவருமா தெரியாது.

செல்வி, அல்சூர்
ஒத்துவரும், ராஜன் தம்பி. உமா, ஒரு சாப்பாட்டுக்கு அரிசி, காய், காஸ் எல்லாம் எவ்வளவு ஆகிறது? சம்பளம் எவ்வளவு?

உமா
பொருள் 42, டப்பா 6, அக்கா. டெலிவரிப் பையனுக்கு மாதம் 9,000. உதவிக்கு வருபவருக்கு 8,000.

செல்வி, அல்சூர்
சம்பளத்தை 30 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 567. 26 சாப்பாட்டின் பொருளும் டப்பாவும் 1,248. உங்களுக்கு நிற்பது 285. ஒருவர் ஆறு நாள் லீவு போட்டால் 486 கழிக்கிறீர்கள். உங்களுக்கு மிச்சமாவது 288தான், பையன் சம்பளம் அந்த ஆறு நாளைக்குக் குறையாதே! ஆக 285 இருந்த இடத்தில் 87. அதுவும் முந்தின ராத்திரியே சொன்னால். சாம்பார் கொதிக்கும்போது ‘அக்கா, இன்னிக்கு வேண்டாம்’ என்று மெசேஜ் வந்தால் மிஞ்சுவது காலி டப்பா மட்டும். ஆறு நாளும் அப்படியென்றால் அந்த ஆளுக்கு 165 ரூபாய் நீங்கள் கைக்காசு போட்டுச் சாப்பாடு போடுகிறீர்கள்.

நான் மாதத்தை விற்பதை விட்டுவிட்டேன், சாப்பாட்டைத்தான் எண்ணி விற்கிறேன். 24 சாப்பாடு, 35 நாளுக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும். முந்தின ராத்திரி 9 மணிக்குள் சொன்னால் அந்தச் சாப்பாடு கணக்கில் நிற்கும், சொல்லாவிட்டால் போயிற்று. காசு திரும்பக் கிடையாது. பணம் முதலிலேயே வாங்கிவிடுவேன்.

ஆனால் தள்ளிப்போடும் சாப்பாடு சும்மா வருவதில்லை. 30 பேர் பெயரில் இருந்தாலும் ஒரு நாளைக்குப் போவது 25 டப்பாதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பளத்தை அந்த 25க்குத்தான் பிரிக்கணும். அப்படிப் பார்த்தால் சாப்பாட்டுக்கு 26 ரூபாய் சம்பளம், 48 பொருள், மொத்தம் 74. நீங்கள் 2,100ஐத் தொடாமல் 26ஐ 24 ஆக்கினாலே சாப்பாடு 87.50 ஆகிவிடும். யாருமே லீவு போடாவிட்டால் கிடைத்திருக்கும் பணம் கிட்டத்தட்ட வந்துவிடும்.

கார்த்தி
ரெண்டு சாப்பாட்டைக் குறைத்தது தெரியாமலா இருக்கும்?

செல்வி, அல்சூர்
தெரியட்டும். மறைக்கிற வேலையே வேண்டாம். ‘கழிவு கிடையாது, ஆனால் சாப்பாடு வீணாகாது’ என்று நேராகவே சொல்லுங்கள். அடிக்கடி ஊருக்குப் போகிறவர்கள் யோசிப்பார்கள், சிலர் நின்றும் போவார்கள். பழைய ஆட்களுக்கு நடு மாதத்தில் மாற்றாதீர்கள், அடுத்த பணம் கட்டும்போது மாற்றுங்கள்.

பிரியா
சாப்பிடுகிற பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். ராத்திரி 9 மணி ரொம்பக் கஷ்டம். நாளைக்கு ஆபீஸ் உண்டா இல்லையா என்பது சில சமயம் காலையில்தான் எனக்கே தெரிகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே ஓர் இடத்தில் நிறுத்தினேன். எனக்கு வேண்டியது செவ்வாய், புதன், வியாழன் மட்டும். அப்படி ஒரு பிளான் யாரும் தருவதில்லை.

செல்வி, அல்சூர்
காலை 7 மணி வரை விடலாம், ஆனால் காய் வாங்குவது அதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறதே. மூன்று நாள் பிளான் நான் போடுவதில்லை. எல்லாரும் அதே மூன்று நாளைத்தான் கேட்பார்கள், திங்களும் வெள்ளியும் பையன் சும்மா நிற்பான்.

உமா
எனக்கு அந்த மூன்று நாளைக் கேட்பவர்களே பத்துப் பேர் இருப்பார்கள், அக்கா. 12 சாப்பாட்டை 100 ரூபாய் வீதம் போட்டால் வாங்குவாங்களா, பிரியா?

பிரியா
100 என்றால் யோசிப்பேன். 95, கூடவே காலை 7 மணி வரை சொல்லலாம் என்றால் வாங்குவேன்.