புதுப்பிப்பு: ஓடர் பண்ணாத பார்சல், வாசலில் கேட்ட கோட்

முன்பு இங்கே நாங்கள் கேட்டது: "ஹட்டனில் இருக்கிறோம். ஓடர் பண்ணாத பார்சலோடு ஒருவர் வந்து, அம்மாவின் போனுக்கு வந்த கோட்டைச் சொன்னால்தான் தருவேன் என்கிறார். சொல்லலாமா?"

அம்மா சொல்லவில்லை. அந்தத் தம்பியும் பார்சலோடு திரும்பிவிட்டார்.

போன் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், குறுஞ்செய்தியை முழுதாக வாசிக்கச் சொன்னார். வாசித்தோம். ஆறு இலக்கம், முன்னால் வட்ஸ்அப் பெயர். பார்சல் என்ற பேச்சே இல்லை. கூரியர்காரரின் கோட் என்றால் செய்தியில் பார்சல் விவரம் இருக்குமாம். இதுவோ அவர் தன் போனில் எதையோ தட்டியதும் வந்தது. சொல்லியிருந்தால் அம்மாவின் வட்ஸ்அப் அவர் கைக்குப் போயிருக்கும், அப்புறம் உறவுக்காரர்களுக்கெல்லாம் "அவசரமா காசு அனுப்பு" என்று செய்தி போகும்.

"காசு கட்டாத பார்சல்தானே, வாங்கினால் என்ன நட்டம்" என்றவருக்கு: பார்சலை வாங்குவதில் நட்டம் இல்லை, சரி. கோட்தான் விஷயம். தனக்கும் ஓடர் பண்ணாத பார்சல் வந்தது என்று எழுதிய நுவரெலியா அக்காவுக்கு வந்தது, கொழும்பிலிருந்து அவருடைய தம்பி அனுப்பிய பரிசு. அது வேறு கதை, அக்கா!

வட்ஸ்அப்பில் இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டு, அம்மாவுக்கே தெரிந்த PIN இலக்கம் வைத்தோம். இனி அந்தக் கோட் மட்டும் கிடைத்தால் போதாது. ஏற்கெனவே சொல்லிவிட்டவர்கள் உடனே தங்கள் இலக்கத்தை மறுபடி பதிய வேண்டும், மற்றவர் வெளியேறிவிடுவார். அவர் முந்திக்கொண்டு PIN வைத்திருந்தால் ஏழு நாள் காத்திருக்க வேண்டிவரும்.

பார்சல் ஒட்டியில் அம்மாவின் பெயரும் லயத்து முகவரியும் சரியாக இருந்தன. எங்கிருந்து எடுத்தார்கள் என்பது இன்னும் தெரியவில்லை.